கடலை மிட்டாய் கணக்கு: விடை 5/14, ஆனால் பகடை வேறு சொல்கிறது. எங்கே தப்பு?

மஞ்சக்குப்பம் அப்பா: பொண்ணு 11-ஆம் வகுப்பு. ஒரே மாதிரி 6 கடலை மிட்டாயை 3 பிள்ளைகளுக்குப் பிரிக்க எத்தனை வழி? மிட்டாய்க்கு ஒன்றாக ஆறு நட்சத்திரம், மூவரின் பங்கைப் பிரிக்க இரண்டு கோடு, மொத்தம் 8 இடம். கோட்டுக்கு 2 இடம் தேர்ந்தெடுத்தால் C(8,2) = 28. ஆளுக்கு ஒன்றாவது வேண்டுமென்றால், முதலில் ஒவ்வொன்று கொடுத்துவிட்டு மீதி 3-ஐப் பிரிக்கணும்: C(5,2) = 10. அதனால் எல்லோருக்கும் கிடைக்கும் நிகழ்தகவு 10/28, அதாவது 5/14 என்று எழுதினோம். பிறகு ஒவ்வொரு மிட்டாய்க்கும் பகடை உருட்டி (1, 2 மூத்தவளுக்கு, 3, 4 நடுவுலவனுக்கு, 5, 6 கடைக்குட்டிக்கு) 20 தடவை பிரித்துப் பார்த்தோம். 7 தடவை வரவேண்டியது, 15 தடவை எல்லோருக்கும் கிடைத்தது! இரண்டு நாளாக மண்டை குழம்புது.

நெல்லித்தோப்பு: 28 தான் தப்பு சார். ஒவ்வொரு மிட்டாய்க்கும் 3 வழி, ஆக 729 வழி.

திருப்பாதிரிப்புலியூர்: எனக்கு 7 தான் வருது. 6; 5+1; 4+2; 3+3; 4+1+1; 3+2+1; 2+2+2.

லாஸ்பேட்டை டீச்சர்: திருப்பாதிரிப்புலியூர் அண்ணா, யாருக்கு எத்தனை என்பதை நீங்கள் பார்க்கவில்லை. பிள்ளைகள் வேறு வேறு ஆட்களாச்சே. நெல்லித்தோப்பு தம்பி, 28 சரிதான். ஆனால் உங்கள் 729 இல்லாமல் நிகழ்தகவு வராது.

அப்பா, அந்த 28 வழியும் சம வாய்ப்பு உள்ளவை அல்ல. சிக்கல் அங்கேதான். ஆறும் மூத்தவளுக்கே போக பகடை ஆறு தடவையும் அவள் பக்கமே விழணும்; 729-இல் ஒரே வழி. ஆளுக்கு இரண்டு என்பதோ எந்த வரிசையில் விழுந்தாலும் சரி: 6!/(2!2!2!) = 90 வழி. நட்சத்திரப் படத்தில் இரண்டும் ஒவ்வொரு படம்தான்.

உங்கள் 10 வழிக்கும் இப்படி எடை போடுங்கள். 4,1,1 வகை மூன்று, ஒவ்வொன்றுக்கும் 30. 3,2,1 வகை ஆறு, ஒவ்வொன்றுக்கும் 60. 2,2,2-க்கு 90. கூட்டினால் 540. 540/729 = 20/27. இருபது தடவைக்கு ஏறக்குறைய 15. உங்கள் பகடை பொய் சொல்லவில்லை.

நம்பிக்கை வரலையென்றால் 2 மிட்டாய், 2 பிள்ளை, ஒரு நாணயம் வைத்துப் பாருங்கள். வழிகள் மூன்று. ஆனால் ஆளுக்கொன்று வருவது பாதித் தடவை, மூன்றில் ஒன்று இல்லை.

மஞ்சக்குப்பம் அப்பா: டீச்சர், நாணயத்தில் புரிஞ்சுது. அப்போ 5/14 எங்கேயுமே சரியில்லையா?

லாஸ்பேட்டை டீச்சர்: 28 பிரிவையும் துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கி ஒன்றை எடுத்தால் 5/14 தான்.

மஞ்சக்குப்பம் அப்பா: கேள்வித்தாளில் ‘சமவாய்ப்பாகப் பிரிக்கப்படுகின்றன’ என்று மட்டும் இருக்கு. சீட்டா, பகடையா?

லாஸ்பேட்டை டீச்சர்: அந்த வரியை வைத்துச் சொல்ல முடியாது. நான் பகடை என்றுதான் எடுப்பேன். அதையும் விடையில் ஒரு வரி எழுதிவிடச் சொல்லுவேன்.

நெல்லித்தோப்பு: எங்க சார் 5/14-க்குத்தான் மார்க் போட்டாரு டீச்சர்.