வெப்சைட் டெவலப்பரின் பழைய வேலையை எப்படிச் சரிபார்ப்பது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கைத்தறிக்கடை
ஈரோட்டில் போர்வை, துண்டு, ஜமுக்காளம் விற்கும் கடை. ஆன்லைன் விற்பனைக்கு வெப்சைட் போட வேண்டும். ஒரு டெவலப்பர் தான் செய்ததாக ஐந்து லிங்க்கும், இரண்டு பழைய வாடிக்கையாளர்களின் போன் நம்பரும் அனுப்பியிருக்கிறார். பார்க்க எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் எதைப் பார்ப்பது, அந்த இருவரிடம் என்ன கேட்பது?

வேகன்
ரொம்ப சுலபம் சகோ. ஐந்து லிங்க்கையும் கூகுள் பேஜ்ஸ்பீடில் போடுங்க. மொபைல் மதிப்பெண் 90-க்குக் கீழே இருந்தா ஆள் சரியில்லை, அடுத்தவரைப் பாருங்க.

மூலநிரல்
அந்த மதிப்பெண்ணை மட்டும் வைத்து ஆளை ஒதுக்காதீர்கள். டெவலப்பர் ஒப்படைத்துவிட்டுப் போன பிறகு, கடைக்காரர் கேமராவில் எடுத்த 5 எம்பி படங்களை அப்படியே ஏற்றியிருப்பார். வேறு யாரோ சாட் பெட்டி ஒன்றைச் சேர்த்திருப்பார்கள். வேகம் குறைந்ததற்கு அவர் பொறுப்பில்லை. மதிப்பெண்ணுக்குக் கீழே காரணங்களைப் பட்டியலிட்டிருக்கும், அதைப் படியுங்கள். படங்கள்தான் காரணம் என்றால் பெரும்பாலும் கடைக்காரர் வேலை. எல்லாப் பக்கத்திலும் தேவையில்லாத பிளகின்களின் ஸ்கிரிப்ட் ஓடினால், "இதை நீங்கள் போட்டீர்களா?" என்று அவரிடமே கேட்கலாம்.

முதல் வேலை இது. ஒவ்வொரு லிங்க்குக்கும் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: எந்த ஆண்டு ஒப்படைத்தார், அதில் தன் கையால் செய்தது எது, வேறு யார் வேலை செய்தார்கள். வாட்ஸப்பில் வந்தாலும் போதும். பதில் கையில் இருந்தால்தான் எதையும் ஒத்துப்பார்க்க முடியும்.

பிறகு web.archive.org-இல் அந்த முகவரியைப் போட்டால் பழைய ஆண்டுகளில் தளம் எப்படி இருந்தது என்று தெரியும். 2023-இல் செய்தேன் என்கிறார், 2021-லேயே இதே தோற்றம் இருக்கிறது என்றால், உடனே பொய் என்று முடிவு கட்டாமல் விளக்கம் கேளுங்கள்.

வேர்ட்பிரஸ் தளமாக இருந்தால் கணினியில் Ctrl+U அழுத்தி, `wp-content/themes/` என்று தேடுங்கள். அதை அடுத்து வரும் பெயர்தான் தளத்தின் தோற்றத்தைத் தரும் தீம். அந்தப் பெயரை NAME இடத்திலும், தளத்தின் முகவரியை example.com இடத்திலும் பொருத்தித் திறக்கலாம்:

```
https://example.com/wp-content/themes/NAME/style.css
```

மேல் வரிகளில் `Theme Name:`, `Author:` இருக்கும். காசு கொடுத்து வாங்கிய தீம் என்பது குற்றமே இல்லை. சின்னக் கடைக்கு அதுதான் புத்திசாலித்தனம். ஆனால் "முழுக்க நானே எழுதினேன்" என்று சொன்னவரின் தளத்தில் வேறொரு நிறுவனத்தின் பெயர் இருந்தால், அவர் சொல்லும் மற்றதையும் ஒருமுறைக்கு இருமுறை பார்க்க வேண்டும். `Template:` என்ற வரி இருந்தால் அது சைல்டு தீம். மாற்றங்களைத் தனியே அதில் வைத்தால், மூல தீமை அப்டேட் செய்யும்போது அழியாது. அந்த வரி இருப்பது நல்ல அறிகுறி. சில தளங்களில் கேஷ் பிளகின் கோப்புகளை ஒன்றாக்கி விடுவதால் இந்தப் பாதை கண்ணில் படாது. ஷாப்பிஃபை தளங்களுக்கும் இது பொருந்தாது.

மல்லிகா_தையல்
இதே பிரச்சினைதான் எனக்கும். எங்க டெவலப்பர் டொமைனைத் தன் அக்கவுண்டிலேயே வாங்கி வச்சிருக்கார், போனும் எடுக்கறதில்லை. டொமைனை எப்படி மீட்கறது?

சிவகாமி
மல்லிகா, அது தனிக் கேள்வி. டொமைன் யார் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது, பணம் கட்டிய ரசீது யாரிடம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். டொமைனின் லாக்கை எடுத்துவிட்டு, அதை உங்கள் அக்கவுண்டுக்கு மாற்றுவதற்கான குறியீட்டை டெவலப்பர்தான் தர வேண்டும். விவரத்தோடு தனியாகக் கேள்வி போடுங்கள்.

ஆனால் கடைக்காரருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. டொமைன் பதிவு விவரங்களைக் காட்டும் ஹூஈஸில் தேடினால் உரிமையாளர் பெயர் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். 2018-இல் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் அமலுக்கு வந்த பிறகு பெரும்பாலான பதிவுகளில் பெயரை மறைத்துவிடுகிறார்கள். பழைய வாடிக்கையாளரிடம் நேரடியாகக் கேட்டால்தான் தெரியும்.

அவர்களை அழைக்கும்போது, டெவலப்பர் கொடுத்த நம்பரோடு நிற்காதீர்கள். அந்தக் கடையின் தளத்திலேயே இருக்கும் நம்பரில் கூப்பிட்டு உரிமையாளரைக் கேளுங்கள். கொடுத்த நம்பர் டெவலப்பரின் நண்பருடையதாகவும் இருக்கலாம். போன மாதம் தளம் வாங்கியவரை விட, ஒரு வருடமாவது கடந்தவர் உதவுவார். அப்டேட், ஹோஸ்டிங் புதுப்பிப்பு எல்லாம் அதற்குள் ஒரு சுற்று வந்திருக்கும்.

"ஆள் எப்படி, நல்லவரா?" என்று கேட்டால் "நல்ல பையன்" என்றுதான் பதில் வரும். நடந்ததைக் கேளுங்கள். கடைசியாக எதற்காக அவரைக் கூப்பிட்டீர்கள், எத்தனை நாளில் சரியானது? பேசிய தேதி எது, முடிந்த தேதி எது, தாமதம் யாரால்? பேசிய தொகைக்கு மேல் எதற்குக் கொடுத்தீர்கள்? பொருளின் விலையை நீங்களே மாற்றுகிறீர்களா, அதற்கும் அவரைத்தான் கூப்பிடுகிறீர்களா? டொமைன், ஹோஸ்டிங், அட்மின் லாகின் யாரிடம்? தாமதத்தில் "யாரால்" என்பதை விடாதீர்கள். கடைக்காரர் பொருட்படங்கள் தராமல் இழுத்தடித்ததும் நிறைய உண்டு.

பாதியில் நின்ற வேலை ஒன்றைப் பற்றியும் டெவலப்பரிடம் கேட்கலாம். ஏன் நின்றது என்று அவர் சொல்லும் விதத்தில் நிறைய தெரியும்.

ஏஜென்சி_பின்னால்
நான் டெவலப்பர்தான், மறுபக்கமும் சொல்கிறேன் மேடம். பாதியில் நின்ற வேலையைப் பற்றிப் பேசினால் பழைய வாடிக்கையாளரின் விஷயம் வெளியே போகும். நான் சொல்ல மாட்டேன். எங்களில் பலர் ஏஜென்சிக்குத் துணை வேலை செய்கிறோம், ஒப்பந்தப்படி லிங்க்கே காட்டக்கூடாது. அப்படிப்பட்டவரிடம் திரையைப் பகிரச் சொல்லி, வேர்ட்பிரஸில் கடை நடத்த உதவும் பிளகினான ஊகாமர்ஸில் ஒரு பொருளைச் சேர்த்து, அளவும் நிறமும் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அல்லது காசு கொடுத்து ஒரே ஒரு பொருள் பக்கம் மட்டும் செய்து வாங்குங்கள்.

சிவகாமி
பெயர் சொல்லாமலே காரணத்தைச் சொல்லலாமே சார். இதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. காசு கொடுத்துச் சோதிப்பது நல்ல யோசனை.

கைத்தறிக்கடை
எல்லோருக்கும் நன்றி. பார்த்துவிட்டு வந்தேன். ஐந்தில் ஒன்று திறக்கவே இல்லை, கடையையே மூடிவிட்டார்களாம். இரண்டில் ஒரே தீம், இரண்டிலும் `Template:` வரி இருக்கிறது. நான்காவது அவர் சொன்ன ஆண்டுக்கு முன்பே இதே தோற்றத்தில் இருந்தது. கேட்டதற்கு, பேமெண்ட் பகுதி மட்டும் தன்னுடையது என்றார். உரிமையாளரும் அதையே சொன்னார். ஐந்தாவது கடைக்காரர் விலையைத் தானே மாற்றுகிறாராம், ஆனால் டொமைன் டெவலப்பர் அக்கவுண்டில். நம்பலாமா?

மூலநிரல்
நான்காவதில் கேட்டவுடன் உள்ளதைச் சொன்னது அவருக்குச் சாதகம். இன்னொன்று பாருங்கள் அண்ணா. உங்களுடையது போர்வை, ஜமுக்காளம். எடை கூடக் கூட கூரியர் செலவும் ஏறும். திறக்கிற நான்கு தளங்களிலும் கூடையில் ஒரு பொருளைப் போட்டு, பிறகு ஆறு போட்டு, செக்அவுட் பக்கம் வரை போனில் போய்ப் பாருங்கள். ஆர்டர் பட்டனை அழுத்தாதீர்கள். அழுத்தினால் அந்தக் கடைக்காரருக்குப் பணம் வராத ஆர்டர் ஒன்று விழும். ஒன்றுக்கும் ஆறுக்கும் ஒரே டெலிவரி கட்டணமென்றால், எடைக்கணக்கை அவர் செய்து பழகியதற்கு இந்தத் தளங்களில் சான்றில்லை. காசு கொடுத்துச் செய்து பார்க்கும் வேலையாக அதையே கொடுங்கள்: 400 கிராம் துண்டும் 2 கிலோ ஜமுக்காளமும் ஒரே கூடையில், ஒருமுறை சென்னை முகவரிக்கு, ஒருமுறை டெல்லி முகவரிக்கு.

கைத்தறிக்கடை
நான்கிலும் ஒரே கட்டணம்தான் அண்ணா. சோதனை வேலையாக இதையே கொடுக்கிறேன். டொமைன்?

சிவகாமி
அதை அவர் வாங்க வேண்டாம். உங்கள் மின்னஞ்சல், உங்கள் கார்டு. நீங்களே இன்றைக்கு வாங்கிவிடுங்கள். டொமைனைத் தளம் இருக்கும் சர்வரோடு இணைக்கும் டிஎன்எஸ் அமைப்பை மாற்றும் அனுமதி மட்டும் அவருக்குப் போதும். அதற்கு மறுத்தால் காரணம் கேட்டு இங்கே எழுதுங்கள்.