அனுபவப் பகிர்வு: கேஷில் இடம் இருந்தும் மிஸ் குறையவில்லை

நிரல்வாணி: 1024×1024 ஃபுளோட் மேட்ரிக்ஸை 16×16 துண்டுகளாக டிரான்ஸ்போஸ் செய்தேன். எல்1 கேஷ் 32 கேபி, 8 வே, பிளாக் 64 பைட். ஒரு துண்டுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 32 பிளாக்தான் வேண்டும், கேஷில் 512 இருக்கிறது. ஆனாலும் எழுதும்போது மிஸ் பத்து லட்சத்தைத் தாண்டியது. இப்படித்தான் ஓட்டிப் பார்த்தேன்:

```
valgrind --tool=cachegrind --cache-sim=yes --D1=32768,8,64 ./transpose
```

தெற்குவீதி: மேட்ரிக்ஸ் 4 எம்பி, கேஷ் 32 கேபி. கெபாசிட்டி மிஸ்தான், வேறென்ன? பிளாக்கை 128 ஆக்குங்கள், குறைந்துவிடும்.

நிரல்வாணி: ஆக்கினேன் அண்ணா. எழுதும் மிஸ் அசையவே இல்லை.

பழையபொறி: அசையாதும்மா. ஒரு வரிசை சரியாக 4096 பைட். 64 செட்டை 64 பைட்டால் பெருக்கினாலும் அதே 4096. அதனால் ஒரு நெடுவரிசையின் 16 பிளாக்கும் ஒரே செட்டில் போய் விழும். அங்கே இடம் எட்டுதான். பதினாறாவது வருவதற்குள் முதலாவது வெளியேறிவிடும், அடுத்த சுற்றில் அதே பிளாக் மறுபடி மிஸ். 128 பைட் ஆக்கினால் செட் 32 ஆகிறது, மடங்கு மாறவில்லை. இது கான்ஃப்ளிக்ட் மிஸ்.

`--D1=32768,512,64` என்று கொடுத்துப் பாருங்கள். ஒரே செட், 512 வே. அப்போதும் மிஞ்சுவது கிட்டத்தட்ட 65,536 இருக்கும். 4 எம்பியை 64 பைட்டால் வகுத்த கணக்கு அது. முதல்முறை தொடும் கம்பல்சரி மிஸ், எத்தனை வே வைத்தாலும் போகாது. வரிசையாகப் படிக்கும் நிரலில் அதைக் குறைப்பது பிளாக் அளவுதான்.

தெற்குவீதி சொன்னதில் பாதி அதனால்தான் சரி. ஆனால் ஹேஷ் டேபிள் மாதிரி அங்கங்கே தாவிப் படிக்கும் நிரலில் 128 வைத்தால் 512 பிளாக் 256 ஆகிவிடும். கொண்டுவந்ததில் பாதியைத் தொடவே மாட்டோம், கெபாசிட்டி மிஸ் ஏறும்.

கடலோரம்: எனக்கும் இதே தொல்லை! நாலு திரெட்டுக்கு நாலு கவுண்டர், பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தேன். ஒவ்வொன்றையும் தனித்தனி 64 பைட்டுக்குத் தள்ளியதும் வேகம் வந்தது. இதுவும் கான்ஃப்ளிக்ட்தானே?

பழையபொறி: இல்லை, அது வேறு. ஒரு கோர் எழுதும்போது மற்ற கோர்களில் இருக்கும் அதே பிளாக் செல்லாமல் போகிறது. வே கூட்டினாலும் தீராது. பிளாக் பெரிதானால் மோசமாகும்.

நிரல்வாணி: 512 வே போட்டேன், நீங்கள் சொன்ன எண்ணிக்கைதான் வந்தது. 16 வே போட்டாலே ஏறக்குறைய அவ்வளவு இறங்குகிறது. ஆனால் சிப்பை மாற்ற முடியாதே, அதனால் வரிசையை 1040 ஃபுளோட் ஆக்கினேன். 4160 பைட், 16 பிளாக்கும் 16 வெவ்வேறு செட்டுக்குப் போய்விட்டன. 8 வேயிலேயே சரியாகிவிட்டது.

தெற்குவீதி: சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் ஒரு கேள்வி. 513 பிளாக்கைச் சுற்றிச் சுற்றிப் படித்தால், எல்ஆர்யூ வைத்த 512 வே கேஷில் ஒவ்வொன்றும் மிஸ். 1 வே கேஷில் சுற்றுக்கு இரண்டே மிஸ். இங்கே 1 வே மிஸ்ஸிலிருந்து 512 வே மிஸ்ஸைக் கழித்துக் கான்ஃப்ளிக்ட் மிஸ்ஸைக் கண்டுபிடித்தால் மைனஸில் வருகிறதே?

பழையபொறி: வரும். குறை எல்ஆர்யூவை அளவுகோலாக வைப்பதில் இருக்கிறது என்பது என் எண்ணம். அடுத்து எது தேவை என்று முன்கூட்டியே தெரிந்து வெளியேற்றுவதை அளவுகோலாக வைத்தால் மைனஸ் வராது. ஆனால் அப்போது எல்ஆர்யூ தவறாக வெளியேற்றியதும் கான்ஃப்ளிக்ட் கணக்கில் சேர்ந்துவிடும். எதை வைப்பது என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.