சிஎஸ்வி திறந்தால் கணக்கு எண்ணின் முன் சுழி போய்விடுகிறது

சம்பளப் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக வங்கித் தளத்தில் ஏற்ற வேண்டும். விண்டோஸ் 10, எக்செல் 2016. `00451020007316` என்ற கணக்கு எண், கோப்பை டபுள் கிளிக் செய்து திறந்ததும் `4.5102E+11` ஆகிவிடுகிறது. அப்படியே சேமித்தால் கோப்பிலும் அதுதான் பதிவாகிறது. கடைசி இலக்கங்களும் போய்விடும். நோட்பேடில் பார்த்தால் மூலக் கோப்பு சரியாகவே இருக்கிறது.

டேட்டா மெனுவில் From Text வழியாக அந்தப் பத்தியை Text எனக் குறித்து எடுத்தால் சுழி நிற்கிறது. ஆனால் சரிபார்க்கும் அக்கா டபுள் கிளிக் செய்துதான் திறப்பார், சேமிப்பார். எண்ணுக்கு மேற்கோள் குறி போட்டும் பயனில்லை. `="00451020007316"` என எழுதினால் எக்செலில் சரியாகத் தெரிகிறது, வங்கித் தளமோ ஏற்க மறுக்கிறது. `TEXT(A2,"00000000000000")` போட்டுச் சுழியை மீட்கவும் வழியில்லை. வேறு வங்கிகளின் 11 இலக்க எண்களும் அதே பத்தியில் இருக்கின்றன. அவற்றுக்கும் சுழி ஒட்டிக்கொள்ளும்.

மைக்ரோசாப்ட் 365-இல் இந்த மாற்றத்தை நிறுத்த ஒரு அமைப்பு உண்டு, 2016-இல் இல்லை. புதிது வாங்க முதலாளி சம்மதிக்கவில்லை.

கோப்பின் உள்ளடக்கத்தை மாற்றாமல், டபுள் கிளிக் செய்தாலே எக்செல் 2016 அந்தப் பத்தியை எழுத்தாக எடுத்துக்கொள்ள என்ன செய்யலாம்?