உயரப் பத்தியில் அடி, மீட்டர், செ.மீ. கலந்திருக்கு: 5.1-ஐ என்ன செய்யறது?

வணக்கம். பல பேர் சேர்ந்து தட்டச்சு செஞ்ச ஒரு எக்செல் கோப்பு. உயரத்துக்கும் எடைக்கும் சிதறல் வரைபடம் போடணும். உயரப் பத்தியில் 165, 1.65, 5.4 என்று மூணு விதமாவும் இருக்கு.

சிறிசிலிருந்து பெரிசா வரிசைப்படுத்திப் பார்த்தேன். எல்லாரும் பெரியவங்கங்கிறதால 1-2 மீட்டர், 4-7 அடி, 130-க்கு மேல செ.மீ.னு தெளிவாப் பிரிஞ்சது. பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில எழுத்து விழுந்த `16O` மாதிரியானதை `=ISTEXT(B2)` காட்டிக்கொடுத்தது.

சிக்கல் அடியில்தான். 5.4-ன்னா இங்கே 5 அடி 4 அங்குலம், நேரா 30.48-ஆல் பெருக்கினா தப்பு. அதையாவது பிரிச்சு மாத்திடலாம். ஆனா 5.10-னு அடிச்சா எக்செல் கடைசிப் பூஜ்யத்தை விழுங்கி 5.1 ஆக்கிடுது. அதனால் ஒரே 5.1, 154.9 செ.மீ.யாவும் இருக்கலாம், 177.8 செ.மீ.யாவும் இருக்கலாம். மூலப் படிவம் கையில் இல்லை. எடையை வெச்சு ஊகிச்சா, வரைபடம் காட்ட வேண்டிய தொடர்பை நாமே உள்ளே திணிச்ச மாதிரி ஆகிடும்.

அந்த வரிசைகளை மட்டும் விட்டுட்டு, எத்தனை விட்டோம்னு வரைபடத்துக்குக் கீழே எழுதினா போதுமா? இல்ல, வேற பத்தி எதையாவது வெச்சு 5.1-ஐப் பிரிக்க முடியுமா? இதே மாதிரி தரவோட மல்லுக்கட்டினவங்க சொல்லுங்க.