இறங்கும்போது மட்டும் முட்டி வலி: ஓட்டத்தை நிறுத்தணுமா?

மருதமலைக்காரன்: வாரம் 30 கிலோமீட்டர் ஓடுகிறேன். ஞாயிறு மட்டும் மருதமலை ஏறி இறங்குவேன். போன மாதம் முதல் புதனும் சேர்த்துக்கொண்டேன். ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கினால் முட்டிச் சில்லைச் சுற்றி வலி, வீட்டு மாடிப்படியிலும்தான். ஓட்டத்தை நிறுத்தணுமா?

செந்தில்: 6 வாரம் முழு ஓய்வு. வலியோடு ஓடினால் சில்லு தேய்ந்துவிடும். நீ-கேப் மாட்டுங்கள்.

வானதி (பிசியோ): தேய்மானம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் செந்தில்? அவர் இறக்கத்தை ஒரே மாதத்தில் இரட்டிப்பாக்கியிருக்கிறார், சந்தேகம் அங்கேதான். இறங்கும்போது மடங்கிய முட்டியில் தொடைத் தசை பிரேக் பிடிக்கிறது. அந்த இழுப்பு சில்லைத் தொடை எலும்போடு சேர்த்து அழுத்தும். சமதரையில் இவ்வளவு அழுத்தம் இல்லை.

அதனால் இரண்டு வாரம் இறக்கத்தை மட்டும் விடுங்கள். படியேறிப் போய், கோயில் பஸ்ஸில் இறங்கிவிடுங்கள். சமதரை ஓட்டம் தொடரட்டும், வழக்கமான தூரத்தைவிடக் கொஞ்சம் குறைத்து. ஓடும்போது வலி பத்துக்கு மூன்றைத் தாண்டக் கூடாது. மறுநாள் காலை மாடிப்படி இறங்கிப் பாருங்கள்: நேற்றைவிட வலித்தால் நேற்று ஓடியது அதிகம்.

ராஜாமணி: எனக்கு 61 வயது. படி இறங்கினால் வலி, சாயங்காலம் முட்டி வீங்கிவிடும். நானும் பஸ்ஸில் இறங்கலாமா?

வானதி (பிசியோ): ஐயா, வீக்கம் இருந்தால் கதை வேறு. முட்டி திடீரென்று மாட்டிக்கொண்டாலோ மடங்கிப்போனாலோ அப்படித்தான். முதலில் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

செந்தில்: என் நண்பனுக்கு ஓய்விலேயே வலி போனதே!

வானதி (பிசியோ): போகும், மறுக்கவில்லை. ஆனால் சும்மா இருந்தால் தொடையும் தளர்ந்துவிடும். திரும்பி வந்து முதல் ஞாயிறே முழு இறக்கம் ஓடினால் வலியும் கூடவே வரும்.

மருதமலைக்காரன்: சரி, மூன்றாவது வாரம்?

வானதி (பிசியோ): மறுநாள் காலைப் படி தொந்தரவு தராவிட்டால், ஞாயிறு மட்டும் தார்ச்சாலையில் பாதி மலை நடந்து இறங்குங்கள். அடுத்த ஞாயிறு முழு மலையும் நடந்தே இறங்குங்கள். அதுவும் ஒத்துக்கொண்டால் கடைசிப் பகுதியை மட்டும் ஓடலாம், காலடியைச் சின்னதாக வைத்து. நிமிடத்துக்கு 160 காலடி வைப்பவர் என்றால் 170 வைத்துப் பாருங்கள், முட்டிக்கு விழும் சுமை குறையும். புதன்கிழமை மலை கடைசியில்தான். வாரம் மூன்று நாள் தாழ்வான படியில் ஏறி மெதுவாக இறங்கும் பயிற்சியும் இடுப்புப் பயிற்சியும் செய்யுங்கள், அதே வலி அளவுக்குள்.

செந்தில்: படி இறங்கினால் வலிக்கிறது என்பவருக்குப் படிப் பயிற்சியா? எனக்கு ஒப்பவில்லை. நீ-கேப்பாவது போடட்டும்.

வானதி (பிசியோ): வலி குறைந்தால் போடட்டும், சிலருக்கு உதவுகிறது. ஆனால் அதை மாட்டிக்கொண்டு இந்த ஞாயிறே இறங்கப் போனால் நான் பொறுப்பில்லை.

மருதமலைக்காரன்: பஸ்ஸில் இறங்கினால் கூட ஓடுகிறவர்கள் கிண்டல் செய்வார்கள், அதை என்ன செய்வது?