600 பேருக்கு 4 டேப்லெட், ஒரே ஒரு ஆளா?

கோவை மாப்ளே: 600 பேர் வர்ற கருத்தரங்குக்கு வாசல்ல பத்துப் பேர உக்கார வைக்கிறதெல்லாம் அந்தக் காலம். வர்றவங்களே கியூஆர் காட்டி பேட்ஜ் எடுத்துக்க 4 டேப்லெட், 4 பேட்ஜ் பிரிண்டர், பாத்துக்க ஒரு ஆள். போதும்.

பேட்ஜ்காரன்: ஒரு ஆளா? கணக்குப் போடுங்க சார். 9.30-க்கு நிகழ்ச்சின்னா பாதிக் கூட்டம் 9 மணிக்கு மேலதான் வரும். அரை மணியில 300 பேர், நிமிஷத்துக்கு 10. கியூஆர் காட்டி பேட்ஜ் எடுக்க 25 விநாடின்னா நாலு டேப்லெட்டும் தட்டுத்தடுமாறி சமாளிச்சிடும். ஆனா பத்துல ஒருத்தர் கியூஆர் இல்லாம வந்தா? பேரைத் தேடிக் குடுக்க ஒன்றரை நிமிஷம். அதாவது உங்க ஒத்த ஆளுக்கு ஒவ்வொரு நிமிஷமும் ஒன்றரை நிமிஷ வேலை சேரும். அந்த நேரம் பூரா ஒரு டேப்லெட்டும் முடங்கும்.

கோவை மாப்ளே: பத்துல ஒருத்தர்ங்கிறது உங்க கற்பனை. முந்தின நாளே வாட்ஸ்அப்ல கியூஆர் அனுப்பிட்டா முடிஞ்சுது. ஒரு ஆள் போதும்.

அம்பத்தூர் அக்கா: பையன் ரிசப்ஷன் வருது. மொய் எழுத இந்த டேப்லெட் சரிப்படுமா?

பேட்ஜ்காரன்: அனுப்புவீங்க மாப்ளே, ஸ்கேன் ஆகணுமே. ஸ்கிரீன்ஷாட்ல ஓரம் வெட்டுப்பட்டிருக்கும். வெளிச்சத்த அடியோட குறைச்சு வச்சிருப்பாங்க. முன்பக்க கேமராவுல போனை ஒட்டிப் பிடிச்சா மங்கும், ஒரு சாண் தள்ளிப் பிடிக்கணும். ஒரே ஆபீஸ்ல அஞ்சு பேருக்குப் பதிஞ்சிருந்தா அஞ்சு கியூஆரும் ஒருத்தர் மெயில்ல கிடக்கும், அவர் கடைசியா வருவார். மூணு பேர் வேணும்: வரிசை பக்கம் நடமாட ஒருத்தர், தனி மேசையில ரெண்டு பேர். சிக்கல் உள்ளவர உடனே மேசைக்கு அனுப்பினாத்தான் டேப்லெட் ஓடும்.

நிழல்: பேரைத் தேடவே விடாதீங்க. லக்ஷ்மிய எத்தனை விதமா எழுதுவாங்க, இனிஷியல் முன்னாடியா பின்னாடியா. போன் நம்பர்ல கடைசி 4 இலக்கம் போதும்.

பேட்ஜ்காரன்: 600 பேர்ல கடைசி 4 இலக்கம் ஒத்துப்போற ஜோடி சராசரியா 18 வரும். அடுத்தவர் பேரும் திரையில தெரியும். பத்து இலக்கத்தையும் கேளுங்க.

நிழல்: பெரியவங்க பத்து இலக்கம் அடிச்சு முடிக்கிறதுக்குள்ள விடிஞ்சிரும். போன தடவை ப்ரொஜெக்டர் விவாதத்துலயும் இதே மாதிரிதான் பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தீங்க.

பேட்ஜ்காரன்: அப்பவும் நான் சொன்னதுதான் சரி.

கோவை மாப்ளே: சரி, 18-ஐ எண்ணிட்டே இருங்க. ஒரு ஆள் போதும்.

பேட்ஜ்காரன்: 9.20-க்கு லேபிள் ரோல் தீரும். உங்க ஒத்த ஆள் ரோல் மாத்தணும், மாத்தினதும் லேபிள் இடைவெளிய பிரிண்டருக்குக் காட்டி ஒண்ணு அடிச்சுப் பாக்கணும். இல்லேன்னா ஒருத்தர் பேர்ல பாதி ஒரு லேபிள்லயும் மீதி அடுத்ததுலயும் விழும். அந்நேரம் வரிசைய யார் பாப்பா?

கோவை மாப்ளே: காலையிலயே எல்லாத்துலயும் புது ரோல் போட்டு வைக்கத் தெரியாதவங்களுக்குத்தான் மூணு ஆள்.

அம்பத்தூர் அக்கா: மொய்க்கு யாரும் பதில் சொல்லலையே?