ஸ்டீராய்டில் தணியும் மூளைநலிவு: என்ன பெயர் வைக்கலாம்?

கலா:
நரம்பியல் சொற்பட்டியலில் ஒரு வரி மட்டும் காலியாக நிற்கிறது. ரத்தத்தில் தைராய்டு எதிர்ப்பொருள் மிக அதிகம், மனக்குழப்பம், வலிப்பு, ஸ்டீராய்டு கொடுத்தால் தெளிவு. பழைய பெயர் ஹஷிமோட்டோ என்செபலோபதி. ஆனால் ஹஷிமோட்டோ 1912இல் எழுதியது தைராய்டைப் பற்றித்தான். மூளைச் சிக்கலை 1966இல் லான்செட்டில் எழுதியவர்களில் முதல் பெயர் பிரெயின் பிரபுவுடையது. அவர் பெயரே அப்படி! தமிழில் என்ன சொல்லலாம்?

முத்துக்குமரன்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 'தைராய்டு மூளையழற்சி', முடிந்தது. தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருளே மூளையையும் தாக்குகிறது. அளவு ஆயிரத்தைத் தாண்டினால் நோய் உறுதி என்று படித்திருக்கிறேன். பெயர் காரணத்தைச் சொல்ல வேண்டும்.

மருத்துவர் ஆனந்தி:
எதிர்ப்பொருள் அதிகம் என்பது வரை சரி. அதுதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை. எந்த நோயும் இல்லாதவர்களிலேயே ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு ஆன்டி-டிபிஓ என்ற தைராய்டு எதிர்ப்பொருள் இருக்கும். வயதான பெண்களில் இன்னும் அதிகம். அளவு கூடினால் மூளை பாதிப்பும் கூடும் என்பதும் இல்லை.

ஒரு நோயாளியைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். ஐம்பதுகளில் உள்ள பெண். மூன்று வாரமாகக் குழப்பம், கை நடுக்கம். ஒரு நாள் பேத்தி பெயர் வராது, மறுநாள் சரளமாகப் பேசுவார். அப்புறம் வலிப்பு. வீட்டில் பக்கவாதம் என்று நினைத்தார்கள். எம்ஆர்ஐயில் ஒன்றும் இல்லை. ஈஈஜியில் அலைகள் எல்லா இடத்திலும் மெதுவாக இருந்தன. முதுகுத்தண்டு நீரில் புரதம் சற்று அதிகம், செல்கள் இயல்பு, கிருமி இல்லை. தைராய்டு வேலையைக் காட்டும் டிஎஸ்ஹெச் லேசாகத்தான் கூடியிருந்தது. ஆன்டி-டிபிஓ 1300.

இதைப் பார்த்தவுடன் பெயர் சூட்டிவிடவில்லை. சோடியம், கல்லீரல், மருந்துகள் எல்லாம் பார்த்தோம். என்எம்டிஏ, எல்ஜிஐ1 போன்ற நரம்பு எதிர்ப்பொருள்களை ரத்தத்திலும் முதுகுத்தண்டு நீரிலும் தேடினோம். எதுவும் இல்லாத பிறகுதான் சந்தேகம் வலுத்தது. மெத்தில்பிரெட்னிசலோன் நாளுக்கு 1 கிராம், ஐந்து நாள் ஊசியாக. நான்காம் நாள் பேத்தி பெயரைச் சொன்னார். பிறகு மாத்திரையை மாதக்கணக்கில் மெல்லக் குறைத்தோம். வேகமாகக் குறைத்தால் திரும்பி வரலாம்.

எம்ஆர்ஐ பெரும்பாலும் இயல்பாகவே இருக்கிற இந்த நோயில் 'அழற்சி' என்று அடித்துச் சொல்ல எனக்குத் தயக்கம். 'மூளைநலிவு' என்றால் பொருந்தும்.

ரமேஷ்:
மன்னிக்கவும், சொல்லைப் பற்றி அல்ல. என் அக்காவுக்கு ஆன்டி-டிபிஓ 900. நாலைந்து வருடமாக ஞாபக மறதி. ஸ்டீராய்டு கேட்டுப் பார்க்கலாமா?

மருத்துவர் ஆனந்தி:
அந்த எண்ணை வைத்துக் கேட்காதீர்கள். இது நாட்களில், வாரங்களில் வரும், ஏறி இறங்கும். வருடக்கணக்கில் மெல்ல வரும் மறதிக்கு வேறு காரணம் தேட வேண்டும். முதலில் டிஎஸ்ஹெச், பி12, தூக்கம், மனச்சோர்வு. தைராய்டு மிகக் குறைந்துபோனால் அதுவே மந்தத்தைக் கொண்டுவரும். அதற்குத் தைராக்சின்தான் மருந்து. 2021இல் மேயோ கிளினிக் வெளியிட்ட ஆய்வில், இந்த நோய் என்ற சந்தேகத்தில் வந்த 144 பேரில் 39 பேருக்குத்தான் தன்னெதிர்ப்பு நரம்பு நோய் ஏதாவது இருந்தது.

கலா:
அப்படியானால் 'தைராய்டு எதிர்ப்பொருளுடன் கூடிய, ஸ்டீராய்டில் தணியும் மூளைநலிவு'. 'கூடிய' என்றால் காரணம் என்று ஆகாது. ஆனால் ஸ்டீராய்டு கொடுக்கும் முன் தணியுமா என்று எப்படித் தெரியும்? சேர்க்கைச் சீட்டில் என்ன எழுதுவீர்கள்?

மருத்துவர் ஆனந்தி:
நல்ல கேள்வி. 'தன்னெதிர்ப்பு மூளைநலிவு இருக்கலாம்' என்றுதான் எழுதுவேன். இன்னொரு சிக்கலும் உண்டு. எல்ஜிஐ1 நோயும் ஸ்டீராய்டில் தணியும்; மூளை லிம்போமா என்ற புற்றுநோய்கூடக் கொஞ்ச நாள் அடங்கும். மறுபக்கம், 2016இல் நிபுணர் குழு வெளியிட்ட அளவுகோல்களுக்குள் வருகிற சிலருக்கு ஸ்டீராய்டு கேட்பதே இல்லை. அந்த அளவுகோல்களில் 'தணியும்' என்பது கட்டாயமும் இல்லை.

முத்துக்குமரன்:
பிறகு ஏன் அதைப் பெயரில் வைக்க வேண்டும்? பெயரில் உள்ள இரண்டு அடையாளமும் உறுதியில்லை என்கிறீர்கள். பேசாமல் ஹஷிமோட்டோவையே வைத்துக்கொள்ளலாம், அவர் பெயர் எதையும் உறுதி சொல்லவில்லை.

தர்ஷினி, யாழ்ப்பாணம்:
எங்கள் பாடநூல்களில் பிறபொருளெதிரி என்றுதான் வரும். எதிர்ப்பொருள் என்று மட்டும் போட்டால் எங்கள் மாணவர் தடுமாறுவினம். இரண்டையும் போடுங்கோ.

கலா:
இரண்டும் போடுகிறேன். நீண்ட பெயர் தலைச்சொல்லாக இருக்கட்டும், ஹஷிமோட்டோ பெயர் வழக்குப் பெயராகப் பக்கத்தில். நலிவா அழற்சியா என்பதில் முத்துக்குமரன் ஐயா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த இடத்தில் கேள்விக்குறி போட்டுவைக்கிறேன்.